தாழ இருக்கும் சாக்: சிசேரியன் தழும்புக் கர்ப்பமும் கருப்பை வாய்க் கர்ப்பமும், ஸ்கேன் முதல் சிகிச்சை வரை

"கருப்பைக்குள் ஒரு சாக் தெரிகிறது, சற்றுத் தாழ உள்ளது, இதயத் துடிப்பு இருக்கிறது, இரண்டு வாரம் கழித்து மறு ஸ்கேன்." ஏற்கெனவே சிசேரியன் ஆன பெண்ணின் கையில் இப்படி ஒரு ரிப்போர்ட்டைப் பார்த்தால் எனக்கு அன்றைய சாப்பாடு இறங்காது. துடிப்பைப் பார்த்ததும் வீட்டில் இனிப்பு வாங்கிவிடுவார்கள். ஸ்கேன் செய்தவரும் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார். சாக், அதாவது கரு வளரும் பை, 'சற்றுத் தாழ' என்று எழுதியதற்கு என்ன பொருள் என்று மட்டும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

தாழ இருக்கும் சாக் மூன்றில் ஒன்றாக இருக்கலாம். கலைந்து வெளியே வந்துகொண்டிருக்கும் சாதாரண கருச்சிதைவு ஒன்று. பழைய சிசேரியன் தழும்பில் ஒட்டி வளரும் கர்ப்பம் இரண்டாவது. கருப்பை வாய்க்குள்ளேயே வேர் பிடித்தது மூன்றாவது. முதலாவதற்குச் செய்யும் வைத்தியத்தை மற்ற இரண்டுக்கும் செய்தால் மேசையிலேயே ரத்தம் கொட்டும். ஆகவே இந்த மூன்றையும் பிரித்தறிவதுதான் வேலையில் பாதி. ஸ்கேன் அறையில் இருக்கும் இளம் டாக்டர்களையும், இப்படி ஒரு ரிப்போர்ட் கைக்கு வந்து குழம்பி நிற்பவர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன்.

ஏன் இவ்வளவு ரத்தம்?

கருப்பையின் மேல்பகுதி தடித்த தசை. கரு வெளியேறியதும் அந்தத் தசை இறுகி, நஞ்சுக்கொடிக்குப் போன ரத்தக் குழாய்களை நெரித்து மூடிவிடும். சிதைவுக்குப் பின் உதிரம் தானாக நிற்பதற்கு அதுதான் காரணம். கருப்பை வாய் அப்படியல்ல, பெரும்பாலும் நார்த்திசு. சிசேரியன் தழும்பும் நார்த்திசுதான், பல பெண்களுக்கு அங்கே ஒரு சிறு பள்ளமும் விழுந்திருக்கும். இந்த இடங்களில் கரு வேர்விட்டால் ரத்தக் குழாய்கள் பெருகும், பிய்த்தெடுத்தால் நெரித்து மூட ஆள் இருக்காது. கருப்பையை இறுக வைக்கும் ஆக்ஸிடோசினோ மிஸோப்ரோஸ்டாலோ இங்கே பெரிதாக உதவாததும் இதனால்தான்.

தழும்புக் கர்ப்பம் சுமார் 2000 கர்ப்பங்களில் ஒன்று என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. மருத்துவ ஏடுகளில் முதலில் பதிவானது 1978-இல். கருப்பை வாய்க் கர்ப்பம் அதைவிட அரிது, இடம் மாறிய கர்ப்பங்களில் நூற்றில் ஒன்றுகூட இல்லை. ஆனால் சிசேரியன் கூடக் கூட தழும்புக் கர்ப்பமும் கூடும். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் பிரசவங்களில் 44.9 விழுக்காடு சிசேரியன். அதனால் நம் ஊர் ஸ்கேன் அறைகளில் இது 'புத்தகத்தில் மட்டும் வருவது' என்று இருக்க முடியாது.

முதல் படி: எப்போது பார்ப்பது

சிசேரியன் ஆன பெண்ணுக்கு அடுத்த கர்ப்பம் தரித்தால் ஆறு, ஏழு வாரத்திலேயே, பிறப்புறுப்பு வழியாகக் கருவியை வைத்துப் பார்க்கும் உள்வழி ஸ்கேன் செய்துவிட வேண்டும். வயிற்றின் மேல் வைத்துப் பார்ப்பது போதாது. ஏன் அவசரம்? கரு எங்கே ஒட்டியது என்பது அந்த வாரங்களில்தான் துல்லியமாகத் தெரியும். எட்டு, ஒன்பது வாரம் தாண்டினால் சாக் வளர்ந்து மேலே கருப்பைக் குழிக்குள் தலை நீட்டிவிடும். வேர் தழும்பில், உடம்பு குழியில். அப்போது பார்க்கிறவர் 'கருப்பைக்குள்தான் இருக்கிறது' என்று நல்ல மனதோடு எழுதிவிடுவார். சாக் நகர்ந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று மகிழ்வதும் இதே தவறுதான். நகர்ந்தது சாக், நஞ்சு இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இன்னொன்று: ஸ்கேன் இல்லாமலே மெடிக்கல் ஷாப்பில் கருக்கலைப்பு மாத்திரை வாங்கி விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். சிசேரியன் ஆனவர்கள் அப்படிச் செய்து, கரு தழும்பில் இருந்துவிட்டால், நள்ளிரவில் சேலை நனைந்து ஆம்புலன்ஸில் வருவார்கள்.

இரண்டாம் படி: படத்தை எப்படி எடுப்பது

உள்வழி ஸ்கேனுக்குச் சிறுநீரை முழுக்கக் கழித்துவிட்டு வரச் சொல்வது வழக்கம். இங்கே நான் கொஞ்சம் இருக்கட்டும் என்பேன். சிறுநீர்ப்பையில் சிறிது நீர் நின்றால்தான் அதற்கும் கருப்பைக்கும் நடுவிலுள்ள மெல்லிய தசைக்கோடு தெளிவாகத் தெரியும்.

அப்புறம், ப்ரோபை உள்ளே வைத்ததும் கண் சாக்கைத் தேடி ஓடும். அதை அடக்குங்கள். முதலில் கருப்பையை நெடுக்குவாட்டில், நட்டநடுவே, ஒரே படத்தில் பிடியுங்கள்: கருப்பை வாயின் கால்வாய், அதன் உள்வாய், உள்வரி, மேலே கருப்பையின் உச்சி. நான்கும் ஒரே சட்டத்தில் வந்த பிறகுதான் சாக் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று சொல்ல நமக்குத் தகுதி வரும்.

படத்தை உறைய வைத்து, வெளிவாயிலிருந்து உச்சி வரை ஒரு கோடு, அதன் பாதியில் குறுக்கே இன்னொரு கோடு என்று மனதில் போடுங்கள். ஐந்து முதல் பத்து வாரத்துக்குள் சாக்கின் மையம் பாதிக் கோட்டுக்கு மேலே இருந்தால் பெரும்பாலும் இயல்பான கர்ப்பம். கீழே இருந்தால், சிசேரியன் ஆனவருக்கு, தழும்புக் கர்ப்பம் இல்லை என்று நிரூபிக்கும் வரை அப்படித்தான் கொள்ள வேண்டும். கணக்கும் வேண்டாம், விலையுயர்ந்த மெஷினும் வேண்டாம், அதனால்தான் எனக்கு இந்த முறை பிடிக்கும்.

மூன்றாம் படி: தழும்பில் இருப்பதன் அடையாளங்கள்

கருப்பைக் குழி காலி. கருப்பை வாயின் கால்வாயும் காலி. சாக் மட்டும் உள்வாயின் மட்டத்தில், முன்சுவரில், சிறுநீர்ப்பையை ஒட்டி. மிக ஆரம்பத்தில் அது உருண்டையாக இருக்காது, தழும்புப் பள்ளத்தின் வடிவத்துக்கு ஏற்ப முக்கோணமாக ஒடுங்கியிருக்கும். ரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் கலர் டாப்ளரை வேக அளவைக் குறைத்து வைத்துப் போட்டால் சாக்கின் முன்பக்கம், தழும்பை ஒட்டி, நிறம் குவியும்.

இதற்குமேல் ஒரே ஒரு அளவு முக்கியம்: சாக்குக்கும் சிறுநீர்ப்பைக்கும் இடையில் மிச்சமிருக்கும் கருப்பைத் தசை எத்தனை மில்லிமீட்டர். மிக மெல்லிய இடத்தில், படத்தைப் பெரிதாக்கி அளக்க வேண்டும். ப்ரோபை அழுத்தினால் தசை மேலும் மெலிந்து காட்டும், அதனால் கையைத் தளர்த்திக்கொள்ளுங்கள்.

இந்த அளவை வைத்தும் சாக் எந்தப் பக்கம் வளர்கிறது என்பதை வைத்தும் இரண்டு வகையாகப் பிரிக்கிறோம். தழும்பின் மேல் உட்கார்ந்து குழியை நோக்கி வளர்வது ஒரு வகை, அதில் தசை ஓரளவு மிச்சமிருக்கும். பள்ளத்துக்குள் புதைந்து சிறுநீர்ப்பைப் பக்கம் புடைப்பது இன்னொரு வகை, தசை 2 மி.மீ.க்கும் கீழே, சில வேளை ஒன்றுமே இல்லாமல் இருக்கும். இரண்டாவதில்தான் கருப்பை கிழியும் அபாயம் அதிகம். எந்தச் சிகிச்சை என்பது இந்த வேறுபாட்டைப் பொறுத்தே அமைவதால், அளவை எழுதாத ரிப்போர்ட் அரை ரிப்போர்ட்தான்.

நான்காம் படி: கருப்பை வாயில் இருந்தால்

இங்கே சாக் உள்வாய்க்குக் கீழே இருக்கும். கருப்பை வாய் நடுவில் பருத்து பீப்பாய் போலாகும். மேலே கருப்பைக் குழி காலி, உள்வரி மட்டும் தடித்திருக்கும். மேலே கருப்பை, கீழே உப்பிய வாய், நடுவில் மூடிய உள்வாய் என்று மொத்தத்தில் படம் உடுக்கை போலத் தெரியும்.

குழப்பம் வருவது கருச்சிதைவோடுதான். மேலிருந்து கழன்று வழியில் நிற்கும் சாக்கும் இதே இடத்தில்தான் இருக்கும். நான் பார்க்கும் வரிசை இது. சாக்கின் வடிவம்: வழியில் நிற்பது வதங்கி, ஓரம் நசுங்கியிருக்கும், வேர் பிடித்தது உருண்டு திரண்டிருக்கும். உள்வாய்: சிதைவில் திறந்திருக்கும், இதில் மூடியிருக்கும். இதயத் துடிப்பு: உள்வாய்க்குக் கீழே துடிப்பு தெரிந்தால் அது சிதைவு அல்ல என்றே எடுத்துக்கொள்ளலாம்.

அப்புறம் நழுவல் சோதனை. ப்ரோபால் கருப்பை வாயை மெல்ல அழுத்தி விடுங்கள். கழன்ற சாக் கால்வாய்ச் சுவரை விட்டு முன்னும் பின்னும் வழுக்கும். வேர் பிடித்தது சுவரோடு சேர்ந்தேதான் அசையும். டாப்ளரில் கழன்றதைச் சுற்றி ரத்த ஓட்டம் இருக்காது, வேர் பிடித்ததைச் சுற்றி வளையமாக ஓடும். இத்தனைக்குப் பிறகும் சந்தேகம் என்றால், ரத்தப்போக்கு அதிகம் இல்லாத பட்சத்தில், மருத்துவமனையில் படுக்க வைத்து 24 மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். சிதைவு என்றால் சாக் இடம் மாறியிருக்கும், அல்லது வெளியே வந்திருக்கும்.

கருப்பை வாயில் இயல்பாகவே வரும் சளி நீர்க்கட்டியைச் சாக் என்று நினைத்துப் பயந்தவர்களும் உண்டு. அந்தக் கட்டியைச் சுற்றி வெண்மையான நஞ்சு வளையம் இருக்காது, உள்ளே மஞ்சள்கருப் பையும் இருக்காது.

ஒரு நோயாளி, ஆரம்பம் முதல் முடிவு வரை

விளக்கத்துக்காகப் பல நோயாளிகளின் விவரங்களைக் கலந்து ஒருவராக்கிச் சொல்கிறேன். வயது 29. மூன்று வருடம் முன் ஒரு சிசேரியன். கடைசி மாதவிலக்கிலிருந்து 6 வாரம் 3 நாள். லேசாகத் துளித்துளியாக உதிரம், வலி இல்லை. வெளியில் வயிற்றின் மேல் எடுத்த ஸ்கேனில் 'கர்ப்பம் தாழ உள்ளது, கலையக்கூடும், சுத்தம் செய்யப் பரிந்துரை' என்று எழுதியிருந்தது. மாமியார் கூட வந்திருந்தார். "டாக்டரம்மா, அங்கேயே வாஷ் பண்ணிடலாம்னு சொன்னாங்க. இவதான் இன்னொரு தடவை பார்த்துட்டு வரலாம்னு அடம் பிடிச்சா" என்றார். அந்த அடம் அவளைக் காப்பாற்றியது.

உள்வழி ஸ்கேனில் குழி காலி, கால்வாய் காலி. சாக் 17 மி.மீ., பாதிக் கோட்டுக்குக் கீழே, முன்சுவரில். கரு 6 மி.மீ., துடிப்பு நிமிடத்துக்கு 112. மிச்சத் தசை 3.4 மி.மீ. சாக் குழியை நோக்கி நிற்கிறது, சிறுநீர்ப்பைப் பக்கம் புடைப்பு இல்லை. கர்ப்ப ஹார்மோனான பீட்டா எச்சிஜி 21,400. ஹீமோகுளோபின் 11.2. ரத்த வகை ஓ பாசிட்டிவ். நெகட்டிவாக இருந்திருந்தால் ஆன்டி-டி ஊசியும் சேர்ந்திருக்கும்.

அவள் கேட்ட முதல் கேள்வி: "துடிப்பு இருக்கே மேடம், அப்படியே விட்டா வளராதா?" நேர்மையான பதில், வளரக்கூடும் என்பதுதான். சில பெண்கள் உயிருள்ள குழந்தையோடு முடித்திருக்கிறார்கள். ஆனால் அந்த வழியில் நஞ்சு கருப்பைத் தசையைத் துளைத்து ஊன்றிக்கொள்வது ஏறக்குறைய எதிர்பார்க்க வேண்டிய ஒன்று. நடுவில் கருப்பை கிழியலாம். 34, 35 வாரத்தில் பெரிய மருத்துவமனையில் சிசேரியன், பெரும்பாலும் அதே மேசையில் கருப்பையையும் எடுக்க வேண்டியிருக்கும். அமெரிக்கத் தாய்-சேய் மருத்துவர் சங்கம் 2022-இல் தந்த வழிகாட்டுதல், உயிருள்ள தழும்புக் கர்ப்பத்தைச் சும்மா விட்டுப் பார்க்க வேண்டாம் என்கிறது. இருந்தாலும் தொடர்வேன் என்கிற பெண்ணை மிரட்டக்கூடாது, நடக்கப்போவதை விளக்கி உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும். இவள் ஒரு நாள் யோசித்து, முடித்துவிடலாம் என்றாள். துடிப்புள்ள கர்ப்பம் என்பதால் கருக்கலைப்புச் சட்டப்படியான படிவத்திலும் கையெழுத்து வாங்கினோம். 18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும், கணவர் கையெழுத்து தேவையில்லை.

மறுநாள் ஆபரேஷன் தியேட்டர். இரண்டு யூனிட் ரத்தம் கைவசம். வயிற்றின் மேல் ஸ்கேன் ப்ரோப் இருக்க, அதன் படத்தைப் பார்த்தபடியே உறிஞ்சுகுழாயால் சாக்கை எடுத்தோம். கூர்மையான கியூரெட் தொடவே இல்லை, தழும்பைச் சுரண்டினால்தான் ஓட்டை விழும். எடுத்து முடித்ததும் தழும்பிலிருந்து கசிவு. தயாராக வைத்திருந்த ஃபோலி கதீட்டரை உள்ளே விட்டு, பலூன் சரியாகத் தழும்பின் மேல் உட்கார்வதை ஸ்கேனில் பார்த்துக்கொண்டே 20 மி.லி. சலைன் நிரப்பினோம். கசிவு நின்றது. மறுநாள் காலை பாதி நீரை எடுத்து ஒரு மணி நேரம் பார்த்து, அப்புறம் முழுதும் எடுத்தோம். ஹீமோகுளோபின் 10.4.

வேறு மாதிரி இருந்திருந்தால்

மிச்சத் தசை 1 மி.மீ., சிறுநீர்ப்பைப் பக்கம் புடைப்பு என்றிருந்தால் உறிஞ்சுகுழாய் வேண்டாம், உள்ளிருந்து இழுத்தால் சுவரே கையோடு வரும். லேப்ராஸ்கோப்பியில் சிறுநீர்ப்பையைக் கீழே பிரித்துத் தள்ளி, தழும்போடு கர்ப்பத்தை வெட்டியெடுத்து, நல்ல தசையை மறுபடி இணைத்துத் தைப்பார்கள். பழைய பள்ளமும் இதில் சரியாகிவிடும்.

ஊசி மருந்தை எல்லோரும் கேட்பார்கள். கரு வளர்ச்சியை நிறுத்தும் மருந்தான மெத்தோட்ரெக்சேட்டைத் தசையில் போடுவது மட்டும் உயிருள்ள தழும்புக் கர்ப்பத்துக்குப் போதாது. சாக்குக்குள்ளேயே ஸ்கேன் பார்த்து ஊசியைச் செலுத்தி மெத்தோட்ரெக்சேட் கொடுப்பது வேலை செய்யும், துடிப்பை நிறுத்தப் பொட்டாசியம் குளோரைடு கொடுப்பதும் உண்டு. பொட்டாசியம் தாயின் ரத்தக் குழாயில் போய்விட்டால் அவள் இதயம் நின்றுவிடும். செலுத்தும் முன் ஊசியைப் பின்னுக்கு இழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்க்காமல் யாரும் அழுத்தக்கூடாது.

இந்த வழியில் போனவர்களுக்கு முன்கூட்டியே ஒன்று சொல்லி வையுங்கள். ஊசிக்குப் பின் முதல் சில நாட்கள் எச்சிஜி ஏறலாம். ஸ்கேனில் கட்டி பெரிதாகி, டாப்ளரில் நிறம் கூடியும் தெரியலாம். பிறகுதான் இறங்கும், கட்டி மறைய மாதக் கணக்காகும். அந்தக் கட்டியைப் பார்த்து 'மிச்சம் இருக்கிறது' என்று யாராவது சுரண்டப்போனால், இத்தனை நாள் காத்ததெல்லாம் வீண்.

கருப்பை வாய்க் கர்ப்பத்துக்கு

இங்கே மெத்தோட்ரெக்சேட் முதல் வரிசையில் வருகிறது, சீக்கிரம் கண்டுபிடித்திருந்தால். ஒரே ஊசி முறையில் உடல் பரப்புச் சதுர மீட்டருக்கு 50 மி.கி., அதாவது 1.6 சதுர மீட்டர் உள்ளவருக்கு 80 மி.கி. பலரும் விரும்புவது பல ஊசி முறை: 1, 3, 5, 7-ஆம் நாட்களில் கிலோவுக்கு 1 மி.கி., இடைப்பட்ட 2, 4, 6, 8-ஆம் நாட்களில் கிலோவுக்கு 0.1 மி.கி. ஃபோலினிக் அமிலம். தொடங்கும் முன் ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகள் சரியாக இருக்க வேண்டும். கர்ப்பம் என்று தெரிந்ததும் எழுதிக்கொடுத்த ஃபோலிக் ஆசிட் மாத்திரையை நிறுத்தச் சொல்ல மறக்காதீர்கள், அது மருந்தையே முறித்துவிடும்.

ஒன்பது வாரத்தைத் தாண்டியது, எச்சிஜி 10,000-க்கு மேல், கரு 10 மி.மீ.க்கு மேல், இதயத் துடிப்பு உண்டு: இவற்றில் எது இருந்தாலும் ஊசி மட்டும் தோற்க வாய்ப்பு கூடுதல். துடிப்பு இருந்தால் சாக்குக்குள் பொட்டாசியம் குளோரைடும் சேர்ப்பார்கள்.

ரத்தம் கொட்டத் தொடங்கிவிட்டால் காத்திருக்க நேரமில்லை. அறுவைக்குப் போகும்போதும் முதல் வேலை ரத்த வரவை அடைப்பது. கருப்பை வாயில் கடிகாரத்தின் 3 மணி, 9 மணி இடங்களில் ஆழமாகத் தையல் போட்டு பக்கவாட்டு ரத்தக் கிளைகளைக் கட்டுவார்கள், அல்லது வாயைச் சுற்றி இறுக்குத் தையல் போடுவார்கள். அதன் பிறகு உறிஞ்சுதல், உடனே வெற்றிடத்தில் 30 மி.லி. வரை நிரப்பிய ஃபோலி பலூன், ஒன்றிரண்டு நாள். வசதியுள்ள இடத்தில் ரேடியாலஜி டாக்டர் தொடை வழியாகக் குழாய் விட்டுக் கருப்பைத் தமனிகளை அடைத்த பிறகு உறிஞ்சலாம், ஆனால் இனிக் குழந்தை வேண்டும் என்பவரிடம் அதன் பாதிப்பைப் பேசிவிட்டுச் செய்ய வேண்டும். எதற்கும் நிற்காவிட்டால் கருப்பையை எடுப்பதுதான் மிச்சம். தெளிவான ஸ்கேன் இல்லாத காலத்தில் பலருக்கு அதுவே முதல் சிகிச்சையாக இருந்தது.

வீட்டுக்கு அனுப்பிய பிறகு

எச்சிஜி வாரம் ஒரு முறை, பூஜ்யத்துக்கு அருகில் வரும் வரை. அது இறங்காமல் நின்றாலோ, நாப்கின் மணிக்கு ஒன்று நனைந்தாலோ, தலை சுற்றினாலோ உடனே வரச் சொல்லுங்கள். மெத்தோட்ரெக்சேட் போட்டவர்கள் மூன்று மாதமாவது கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும்.

மேலே சொன்ன பெண்ணுக்கு எச்சிஜி முதல் வாரமே 2,000-க்குக் கீழே வந்தது, ஆறாவது வாரம் முடிந்தது. மூன்று மாதம் கழித்து மாதவிலக்கு முடிந்ததும் தழும்பை மறுபடி அளந்தோம். சிறு பள்ளம் இருக்கிறது, மேலே தசை 4 மி.மீ. தையல் தேவையில்லை. அவளுடைய ஃபைலின் முன்அட்டையில் சிவப்பு மையில் ஒரு வரி எழுதிக் கொடுத்திருக்கிறேன்: 'அடுத்த கர்ப்பத்தில் ஆறாவது வாரம் உள்வழி ஸ்கேன், அதற்கு முன் எந்த மாத்திரையும் வேண்டாம்.'